ஆறு சதுர மீட்டர் பாறை: மீத்திறன் குழந்தைக்கு எந்த அட்டை?

ஐந்தாம் வகுப்பில் சுற்றளவு, பரப்பளவு பாடம் நடந்துகொண்டிருந்தது. பத்துக் கணக்கு கொடுத்தால் எட்டு நிமிடத்தில் முடித்து நோட்டை நீட்டும் பெண் ஒருத்தி அந்த வகுப்பில் இருந்தாள். அவளுக்கு இன்னும் பத்துக் கொடுப்பேன். அதையும் முடித்தால் பலகையில் மேலும் ஐந்து எழுதிப்போடுவேன். மூன்றாவது வாரம் அவளும் மற்றவர்களைப் போலவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக் கேட்டேன். "சீக்கிரம் முடித்தால் நீங்கள் இன்னும் கொடுப்பீர்கள் சார்" என்றாள், சிரிக்காமல்.

சேர்வராயன் மலையில் இருக்கும் ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. ஒன்று முதல் மூன்று வரை தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார்; நான்கும் ஐந்தும் என் பொறுப்பு. நான்காம் வகுப்புக்கு நான் வகுத்தல் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில், முடித்துவிட்ட ஐந்தாம் வகுப்புக் குழந்தை என் உதவியில்லாமல் இருபது நிமிடமாவது வேலை செய்ய வேண்டும். அதற்குக் கேள்வி எழுதிய அட்டைதான் வழி என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எந்த மாதிரி அட்டை என்பதுதான் கேள்வி. சேலம் கடைவீதியில் சார்ட் அட்டை வாங்கிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த பிறகு, எல்லா வகையையும் செய்து பார்ப்பதற்கு நேரமோ காசோ கிடையாது. ஒரே பாடத்துக்கு மூன்று வகை அட்டை செய்து, இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தேன். நான்காவதாக ஒரு வகை உண்டு. அதைக் கொடுக்காமலே ஒதுக்கிய காரணத்தையும் சொல்கிறேன்.

அட்டை என்றவுடன் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குச் செயல்வழிக் கற்றல் நினைவுக்கு வரும். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி முறையைப் பின்பற்றி, முதலில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்தது. ஏணிப்படியில் குழந்தை தன் வேகத்தில் ஏறலாம். மெதுவாகக் கற்கும் குழந்தையை அந்த முறை அவமானப்படுத்தவில்லை. அது பெரிய விஷயம். ஆனால் வேகமான குழந்தைக்கு அது சொன்னதெல்லாம் "அடுத்த படிக்குப் போ" என்பதுதான். இப்போது எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறோம். மலருக்கு மேலே பெயர் இல்லை. மலர் நிலையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை என்ன செய்வது என்பதை ஆசிரியர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

முதல் வகை, இன்னும் கொஞ்சம் கணக்கு. அந்தப் பெண்ணைச் சோம்பேறியாக்கியது இதுதான், ஆனாலும் நேர்மையாகச் சோதிக்க வேண்டுமே என்று ஒரு அட்டை செய்தேன். எண்களைப் பெரிதாக்கினால் கடினமாகிவிடும் என்பது என் கணக்கு. நீளம் 234 மீட்டர், அகலம் 178 மீட்டர், பரப்பளவு காண்க. விடை 41,652 சதுர மீட்டர். இதில் குழந்தை என்ன செய்தது என்று பாருங்கள். பரப்பளவைப் பற்றி யோசித்த நேரம் ஒரு வினாடி: "நீளம் பெருக்கல் அகலம்." மீதி நேரமெல்லாம் மூன்றிலக்கப் பெருக்கல். தப்பு வந்தால் அதுவும் பெருக்கலில்தான் வந்தது. கைமாறிய இலக்கம் ஒன்றை விட்டதற்காகப் பரப்பளவுக் கணக்கில் சிவப்பு மையால் சுழி போட்டேன். அட்டையின் தலைப்பு பரப்பளவு என்று இருந்தாலும் அது சோதித்தது வேறு ஒன்றை.

இந்த வகைக்கு இரண்டு நல்ல குணம் உண்டு, மறைக்கக் கூடாது. தயாரிக்க ஐந்து நிமிடம் போதும். அதோடு நோட்டு நிறைகிறது. வீட்டில் நோட்டைத் திறந்து பார்க்கும் அப்பாவுக்கும் பள்ளிப் பார்வைக்கு வரும் அதிகாரிக்கும் வரிசையாகச் சரி போட்ட பக்கங்கள் பிடிக்கும். பெருக்கலில் உண்மையிலேயே தடுமாறும் குழந்தைக்கு இது தேவையும்கூட. அந்தக் குழந்தை மீத்திறன் குழந்தை அல்ல, அவ்வளவுதான்.

இரண்டாவது வகை, அடுத்த வகுப்பு. மேல் வகுப்பில் வரும் முக்கோணத்தின் பரப்பளவை ஒரு அட்டையில் எழுதினேன்: அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கி, பாதியாக்கு. வகுப்பில் வேகத்துக்குப் பேர்போன பையன் ஒருவன் இருக்கிறான். அவன் அட்டையை வாங்கி, அடிப்பக்கம் 8, உயரம் 5 என்பதற்கு 20 என்று உடனே எழுதிவிட்டான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் சாய்ந்து நிற்கும் ஒரு முக்கோணத்தை வரைந்து, அடிப்பக்கத்தையும் சாய்ந்த பக்கத்தின் நீளத்தையும் குறித்துக் கொடுத்தேன். உயரத்தைக் குறிக்கவில்லை. அவன் தயங்கவே இல்லை. சாய்ந்த பக்கத்தையே உயரமாக எடுத்துப் பெருக்கிப் பாதியாக்கினான். எதற்குப் பாதி என்று கேட்டேன். "அட்டையில் அப்படித்தான் சார் போட்டிருக்கிறது." அவன் மேல் குற்றமில்லை. நான் கொடுத்தது ஒரு வாய்பாட்டை மட்டும்தான். செவ்வகத்தை மூலைக்கு மூலை வெட்டினால் ஒன்றுபோல இரண்டு முக்கோணம் வரும் என்பதை அவன் கையால் வெட்டிப் பார்க்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதே முக்கோணம் அவனுக்கு மேல் வகுப்பில் மறுபடி வரும். அங்கே அவன் எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பான். என் வகுப்பில் நான் தீர்க்காத சும்மா இருக்கும் நேரத்தை அடுத்த ஆசிரியருக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். வகுப்புத் தாண்டி முன்னேறுவதைப் பற்றிய ஆய்வுகள் உலக அளவில் பெரும்பாலும் அதற்குச் சாதகமாகவே வந்திருக்கின்றன. நன்றாகத் தேர்ந்தெடுத்த குழந்தைகள் மேல் வகுப்பில் கெட்டுப்போவதில்லை. ஆனால் அவை பேசுவது குழந்தையோடு பாடமும் ஆசிரியரும் தேர்வும் சேர்ந்து நகரும் முன்னேற்றத்தை. ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து ஒரே ஒரு அட்டையைப் படிப்பது அந்த வகையில் சேராது. கீழே சொல்லப்போகும் ஆழ்ந்த அட்டையையும் ஒருவன் எளிதாகத் தாண்டிவிட்டான் என்றால், அப்போது அவனுக்கு மேல் வகுப்புப் பாடம் உண்மையிலேயே தேவை. அதைத் தலைமை ஆசிரியரோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேச வேண்டும்.

நான் கொடுக்காமலே ஒதுக்கிய வகை, கைவேலை. கனவு வீட்டை வரைந்து வண்ணம் தீட்டு, பள்ளியின் மாதிரியைத் தீப்பெட்டியில் செய், அல்லது பாடத்தோடு தொடர்பில்லாத ஒரு எண் புதிர். குழந்தை மகிழ்ச்சியாக இருக்கும். வண்ணம் தீட்டும் நாற்பது நிமிடத்தில் பரப்பளவு எங்கே வருகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. தவிர, மற்ற குழந்தைகள் கணக்குப் போடும்போது இருவர் மட்டும் வண்ணம் தீட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வகுப்பை யார் அடக்குவது?

இனி மூன்றாவது வகை, ஆழ்ந்த அட்டை. பாடத்தின் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும். புது வாய்பாடு கிடையாது. பெரிய எண் கிடையாது. ஆனால் பாடத்தில் இருக்கும் இரண்டு கருத்துகளையும் ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். சுற்றளவு, பரப்பளவு இரண்டையும் அடுத்தடுத்துக் கற்கும் குழந்தைக்கு மனதில் சொல்லாமலே பதிந்துவிடும் நம்பிக்கை ஒன்று உண்டு: ஒன்று குறைந்தால் மற்றதும் குறையும். பாடப்புத்தகக் கணக்குகள் இந்த நம்பிக்கையை ஒருநாளும் சோதிப்பதில்லை. பெரிய வயலுக்கு வேலியும் நீளம், சின்ன வயலுக்கு வேலியும் குட்டை என்றே கணக்குகள் அமைந்துவிடுகின்றன. அதனால் நூறு கணக்கு சரியாகப் போட்ட குழந்தையும் இதை நம்பிக்கொண்டே ஆறாம் வகுப்புக்குப் போகலாம்.

இந்த மலையில் பாறை இல்லாத தோட்டம் அபூர்வம். காட்டு மாடும் பன்றியும் வருவதால் வேலியும் எல்லா வீட்டுப் பேச்சிலும் இருக்கும். அட்டையை அங்கிருந்தே எடுத்தேன். முன்பக்கத்தில் எழுதியது இவ்வளவுதான்:

"ஒரு காய்கறித் தோட்டம். நீளம் 10 மீட்டர், அகலம் 6 மீட்டர். சுற்றிலும் வேலி. தோட்டத்தின் ஓரத்தைத் தொட்டபடி ஒரே பாறை. அதன் பரப்பளவு 6 சதுர மீட்டர். பாறையை வேலிக்கு வெளியே விட்டுவிட வேண்டும்.

1. பாறை மூலையில் இருக்கிறது. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். வேலி எவ்வளவு? முதலில் ஊகித்து எழுது. பிறகு கட்டத் தாளில் வரைந்து எண்ணு.

2. பாறையின் பரப்பளவு மாறக் கூடாது. இடத்தையும் வடிவத்தையும் முழுக் கட்டங்களாக மாற்றலாம். மிகக் குறைந்த வேலி எவ்வளவு? மிக அதிக வேலி எவ்வளவு?

3. 'தோட்டம் சிறிதானால் வேலியும் குறையும்.' இது எப்போதும் சரியா, சில நேரம் மட்டும் சரியா, ஒருபோதும் சரியில்லையா? படம் வரைந்து காட்டு.

4. ஒரு கட்டத்தை வெட்டுவதற்கு முன்பே, வேலி கூடுமா குறையுமா என்று சொல்ல ஒரு வழி கண்டுபிடி."

பாறை இல்லாதபோது வேலி 32 மீட்டர். ஊகிக்கச் சொன்னபோது பெண் 26 என்று எழுதினாள். 32இலிருந்து 6ஐக் கழித்திருக்கிறாள். சதுர மீட்டரை மீட்டரிலிருந்து கழித்தோம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. வேகமான பையன் 27 என்றான். மூன்றையும் இரண்டையும் கூட்டிக் கழித்தானாம். இருவரும் வரைந்து எண்ணினார்கள். 32. மறுபடி எண்ணினார்கள். 32தான். பெண் தாளைத் திருப்பி வைத்து மூன்றாவது முறை எண்ணினாள். இருபது கணக்கில் ஒரு முறைகூடக் குழந்தையை இப்படித் திரும்ப எண்ண வைத்ததில்லை நான்.

ஏன் மாறவில்லை என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். மூலையில் இருந்த இரண்டு துண்டு வேலியையும் அப்படியே உள்ளே நகர்த்திவிட்டோம். நீளத் துண்டு நீளமாகவே இருக்கிறது, அகலத் துண்டு அகலமாகவே இருக்கிறது. தோட்டம் 54 சதுர மீட்டராகக் குறைந்துவிட்டது, கம்பிக் கணக்கு ஒரு அடிகூடக் குறையவில்லை.

இரண்டாவது கேள்வியில்தான் அட்டை திறந்துகொண்டது. அதே 3க்கு 2 பாறையை நீளப் பக்கத்தின் நடுவில் வைத்தால் வேலி 36 ஆகிறது: பாறை உள்ளே 2 மீட்டர் இறங்குவதால், இறங்கும்போது 2, ஏறும்போது 2 கூடுகிறது. பாறை ஒரு மீட்டர் அகலத்தில் 6 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஓரம் முழுவதையும் அடைத்துக்கொண்டால், மீதித் தோட்டம் 9க்கு 6 செவ்வகம், வேலி 30. இதுதான் மிகக் குறைவு. அதே ஒரு மீட்டர் அகலப் பாறை குறுகிய பக்கத்தின் நடுவிலிருந்து ஈட்டி போல 6 மீட்டர் உள்ளே போனால் 44. வெட்டியது எப்போதும் ஆறு கட்டம்தான், தோட்டம் எப்போதும் 54தான். வேலி மட்டும் 30இல் இருந்து 44 வரை ஓடுகிறது. பையன் 38இல் நின்றுவிட்டு இதுதான் உச்சம் என்று சாதித்தான். பெண் ஈட்டியை வரைந்து காட்டியதும் தன் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தான்.

நான்காவது கேள்விக்கு அன்று யாரும் போகவில்லை. மறுநாள் பெண் வந்து சொன்ன வழியை என் சொல்லில் எழுதுகிறேன். வெட்டப்போகும் கட்டத்துக்கு நான்கு பக்கம். அதில் எத்தனை பக்கம் ஏற்கெனவே வேலியாக இருக்கிறது என்று பார். வெட்டினால் அந்தப் பக்கங்கள் போய்விடும். மறைந்திருந்த மீதிப் பக்கங்கள் வேலியாக வெளியே வரும். ஒரு பக்கம் மட்டும் வேலியில் இருந்தால் ஒன்று போய் மூன்று வருகிறது, வேலி 2 கூடும். இரண்டு பக்கம் இருந்தால் இரண்டு போய் இரண்டு வருகிறது, மாற்றமில்லை, மூலை அப்படிப்பட்டது. மூன்று பக்கம் இருந்தால் மூன்று போய் ஒன்று வருகிறது, 2 குறையும். ஈட்டி ஏன் 44 என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது: அதன் ஆறு கட்டமும் ஒவ்வொன்றாக ஒரு பக்க வேலியோடுதான் வெட்டுப்படுகின்றன, ஆறு இரண்டு பன்னிரண்டு, 32உம் 12உம் 44. இதற்கு மேல் போக முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் ஓரத்தைத் தொட்டு நிற்கும் ஒரே பாறையில் ஒரு கட்டம் இரண்டுக்கு மேல் கூட்டவே முடியாது. பத்து வயதுக் குழந்தை ஒரு உச்ச வரம்பைக் காரணத்தோடு நிறுவிவிட்டாள். புது வாய்பாடு ஒன்றுகூடக் கற்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த அட்டையைத் தயாரிக்க எனக்கு இரண்டு மாலை ஆனது. எல்லா வடிவத்தையும் நானே கட்டத் தாளில் வரைந்து பார்த்து, 30உம் 44உம் உண்மையிலேயே எல்லைதானா என்று உறுதி செய்துகொண்டேன். அதைச் செய்யாமல் கொடுத்திருந்தால் பையன் 38 என்று சாதித்தபோது நானும் தலையாட்டியிருப்பேன். ஆழ்ந்த அட்டைக்கு விடைத்தாள் கிடையாது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குழந்தைக்கு விடை தெரியாமல் இருக்கலாம், ஆசிரியருக்கு எல்லை தெரிந்தே ஆக வேண்டும்.

எல்லா அட்டையும் இப்படி அமையவில்லை. முதலில் நான் செய்த ஆழ்ந்த அட்டை ஒன்று படுத்துவிட்டது. "பரப்பளவையும் சுற்றளவையும் வைத்து நீயே ஐந்து கணக்கு உருவாக்கு." பார்ப்பதற்குத் திறந்த கேள்வி. வந்தது என்ன? புத்தகத்துக் கணக்கில் எண் மாற்றிய ஐந்து கணக்கு. இன்னும் பத்துக் கணக்கை நானே கொடுப்பதற்குப் பதிலாக அவளையே தயாரிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு அட்டை ஆழமானதா இல்லையா என்பதை இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன்: இதை முடித்த குழந்தை, முன்பு நம்பிய எதையாவது நம்பாமல் விடுமா? அப்படி ஒன்று எனக்கே தெரியவில்லை என்றால் அட்டையை எழுதுவதில்லை.

இன்னொன்றில் என் தவற்றைக் குழந்தை பிடித்தது. சுற்றளவும் பரப்பளவும் சமமாக இருக்கும் செவ்வகங்களைக் கண்டுபிடி என்று கேட்டிருந்தேன். முழு எண்களில் இரண்டுதான் உண்டு: 4க்கு 4, இரண்டும் 16, 3க்கு 6, இரண்டும் 18. நல்ல புதிர் என்று நினைத்தேன். பெண் அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, "மீட்டரும் சதுர மீட்டரும் எப்படி சார் சமமாகும்?" என்றாள். அவள் சொன்னது சரி. பாறை அட்டையில் 32இலிருந்து 6ஐக் கழித்த அதே குழந்தை ஒரு வாரத்தில் இங்கே வந்து நின்றாள். அட்டையைக் கிழிக்கவில்லை, அவள் கேள்வியையே அதில் சேர்த்துவிட்டேன். 4 மீட்டர் சதுரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பார். சுற்றளவு 1,600, பரப்பளவு 1,60,000. சமம் எங்கே போனது? இப்போது அந்த அட்டை முன்பைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பெருமை எனக்குரியது இல்லை.

அட்டையின் மொழியும் கழுத்தைப் பிடிக்கும். பாறை அட்டையின் முதல் வடிவத்தில் முன்கதை பதினைந்து வரி இருந்தது. விவசாயி, அவர் மனைவி, பன்றி வந்த இரவு எல்லாம். கணக்கில் கெட்டிக்காரனான பையன் படிப்பதிலேயே களைத்துவிட்டான். மீத்திறன் என்றால் எல்லாவற்றிலும் மீத்திறன் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கதையை நான்கு வரியாகச் சுருக்கினேன். கட்டத் தாளை அட்டையோடு சேர்த்தே கொடுத்தேன், தாள் தேடி எழுந்து போகும் குழந்தை திரும்பி வரும்போது கேள்வியை மறந்துவிடுகிறது.

யாருக்குக் கொடுப்பது? ஆரம்பத்தில் முடித்தவர்களுக்குக் கொடுத்தேன். அதில் ஒரு ஓட்டை உண்டு: அட்டை, மீதிப் பத்துக் கணக்குக்கு மேல் கூடுதல் வேலையாகிவிடுகிறது. அந்தப் பெண் மறுபடி மெதுவாகப் போட ஆரம்பித்திருப்பாள். அமெரிக்காவில் மீத்திறன் குழந்தைகளின் கல்வியை ஆராய்ந்த ரென்சுலி முதலானவர்கள் பாடத்தைச் சுருக்குதல் என்று சொன்ன வழி இதற்கு உதவியது. பயிற்சியில் கடினமான ஐந்து கணக்கை முதலில் கொடுக்கிறேன். நான்கு சரியாக வந்தால் மீதிப் பயிற்சி முழுவதும் தள்ளுபடி, அட்டையை எடுத்துக்கொள்ளலாம். தள்ளுபடி என்பதுதான் முக்கியம். அட்டை சேர்ந்தால் ஏதாவது ஒன்று கழிய வேண்டும்.

அப்படியும் ஒருவன் தப்பிப்போனான். பத்துக் கணக்கில் நான்கைத் தாண்டாத பையன், பெருக்கல் வாய்பாட்டில் ஏழுக்கு மேல் தடுமாறுகிறவன், பக்கத்தில் உட்கார்ந்து பாறைப் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "மூலையில் பாறை இருந்தால் கம்பி மிச்சமாகாது" என்றான், வரையாமலே. அப்பாவோடு வேலி கட்டும் வேலைக்குப் போயிருக்கிறான். நான் வைத்த ஐந்து கணக்குச் சோதனையில் இவன் ஒருநாளும் தேறமாட்டான். அதனால் இப்போது முதல் கேள்வியை வகுப்பு முழுவதற்கும் பலகையில் போடுகிறேன். அது எல்லோரும் உள்ளே வரக்கூடிய வாசல். 32 என்பதை எண்ணத் தெரிந்தால் போதும். இரண்டாவது, மூன்றாவது கேள்விக்கு யார் போகிறார்கள் என்பதை வேகத்தை வைத்து நான் தீர்மானிப்பதில்லை, யார் விடாமல் வரைந்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். நான்காவது கேள்விக்குப் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் வருவார்கள்.

எனவே என் முடிவு இப்படி நின்றது. கணக்கைக் கூட்டும் அட்டையை, அந்தத் திறனில் உண்மையிலேயே பயிற்சி தேவைப்படும் குழந்தைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அடுத்த வகுப்பு அட்டையைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஆழ்ந்த அட்டையின் கடைசிக் கேள்வியையும் முதல் நாளிலேயே தாண்டுகிற குழந்தை வந்தால் எடுப்பேன், இதுவரை வரவில்லை. பருவத்துக்கு மூன்று ஆழ்ந்த அட்டை என்று எனக்கு நானே வரம்பு வைத்துக்கொண்டேன். இரண்டு மாலைக்கு ஒரு அட்டை என்றால் அதற்கு மேல் என்னால் முடியாது, ஒரு அட்டை இரண்டு வாரம் ஓடுவதால் அதற்கு மேல் தேவையும் இல்லை. கீழேயிருந்து வந்திருந்த ஒரு டீச்சரிடம் குறுவள மையக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் கட்டத் தாளுக்கே பணம் போதாது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கட்டம் போட்ட கணக்கு நோட்டின் ஒரு பக்கம் போதும் என்றேன். அந்த நோட்டையும் எல்லோரும் வாங்கியிருக்கமாட்டார்கள் என்றார். தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு ஆறு ஓட்டுத் துண்டை எடுத்துவிட்டும் இதைச் செய்யலாம். நாங்கள் மழை நாளில் வராண்டாவில் அப்படித்தான் செய்தோம்.

நோட்டுப் பிரச்சினை மட்டும் இன்னும் தீரவில்லை. பாறை அட்டை நடந்த இரண்டு வாரத்தில் அந்தப் பெண்ணின் நோட்டில் மூன்றே பக்கம் எழுதியிருந்தது, அதிலும் பாதி அடித்துத் திருத்தியது. அவள் அம்மா வந்து கேட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறான், இவள் மட்டும் ஏன் படம் வரைகிறாள் என்று. நான் விளக்க ஆரம்பித்தேன். பெண் குறுக்கிட்டு, அம்மாவின் முன் கட்டத் தாளை விரித்து, "உன் தோட்டத்தில் மூலைப் பாறையை உடைத்து எடுத்தால் வேலிக் கம்பி எவ்வளவு கூட வாங்க வேண்டும், சொல்லு" என்றாள். அம்மா கொஞ்சம் யோசித்து, "ஐந்து மீட்டர்?" என்றார். பெண் என்னைப் பார்த்தாள்.

போகும்போது அவள் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒன்று எழுதிவைத்திருந்தாள். நான் வேண்டுமென்றே ஒதுக்கிவிட்ட இடம் அது. "ஓரத்தைத் தொட்டபடி" என்று அட்டையில் போட்டதே அதைத் தவிர்க்கத்தான். பாறை எந்த ஓரத்தையும் தொடாமல் தோட்டத்துக்கு நடுவில் இருந்தால், அதைச் சுற்றியும் வேலி போட வேண்டுமா? போட்டால் 44ஐயும் தாண்டலாம். போடாவிட்டால் 32தான். சுற்றளவு என்றால் வெளியே மட்டுமா சார்?

அடுத்த அட்டையின் முதல் கேள்வி அதுதான். விடையை நான் இன்னும் எழுதவில்லை.